அதெல்லாம் மேக் குப்பைதான்

எனக்கு வாய் நீளம். வகுப்பில் அது உதவியிருக்கிறது, வீட்டில் அதனால் வம்புதான் வந்திருக்கிறது. ஒரே ஒரு முறை அந்த வாய் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அந்தக் கதையை நான் இதுவரை யாரிடமும் விரும்பிச் சொன்னதில்லை. முதலில் கேட்டவர் எங்கள் கல்லூரியின் தேர்வு அதிகாரி. அவரிடம் வேறு வழியில்லாமல் சொன்னது.

மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டுக்கு மரபியல் என் பாடம். வீடு மந்தைவெளியில், நடந்தே போய்விடலாம். தம்பி புது ஆப்பிள் மேக் மடிக்கணினி வாங்கியபோது பழையதை எனக்குத் தள்ளிவிட்டான். துறையில் மேக் வைத்திருந்த ஒரே ஆள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைப்பானேன்.

அந்தக் கர்வத்துக்கு முதல் அடி ஒரு ஜிப் கோப்பில் விழுந்தது. நாற்பது மாணவர்களின் ஒப்படைப்புகளை ஒரே ஜிப்பாகக் கட்டித் துறைத்தலைவருக்கு அனுப்பினேன். பத்தாவது நிமிடம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனால், அவருடைய விண்டோஸ் கணினியில் ஜிப்புக்குள் இரண்டு கோப்புறைகள் தெரிகின்றன. ஒன்று என்னுடையது. இன்னொன்று __MACOSX என்று, முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டுக்கொண்டு நிற்கிறது. துறைத்தலைவர் அதைத்தான் முதலில் திறந்திருக்கிறார். உள்ளே அதே நாற்பது பெயர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு புள்ளியும் ஒரு அடிக்கோடும். எதைத் திறந்தாலும் கோப்பு பழுதடைந்திருக்கிறது என்று வருகிறது.

"என்னம்மா இது, வைரஸ கட்டி அனுப்பியிருக்கீங்க?" என்றார்.

துறையின் கணினிகள் எல்லாவற்றிலும் என்னால் நோய் பரவிவிட்டது என்று அந்த நிமிடமே நம்பிவிட்டேன். நல்ல வேளையாகக் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர் பக்கத்து அறையில் இருந்தார். வந்து பார்த்துவிட்டு சிரித்தார்.

"வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். மேக்ல ஒவ்வொரு பைலுக்கும் கூடவே சில குறிப்பு இருக்கும். எங்கேருந்து டவுன்லோடு பண்ணது, என்ன கலர் போட்டு வச்சீங்க, அந்த மாதிரி. அது மேக்கோட டிஸ்க்குல பைலோடவே ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கும். ஆனா ஜிப்ல அந்தக் குறிப்ப வைக்க தனியா இடம் கிடையாது. பென்டிரைவ்லயும் கிடையாது. அதனால மேக் என்ன பண்ணும்னா, குறிப்ப மட்டும் தனி பைலா எழுதி, அதே பேர வச்சு, முன்னால ஒரு புள்ளியும் அடிக்கோடும் போட்டுடும். ஜிப்னா அதுக்கெல்லாம் தனியா இந்த போல்டர். பென்டிரைவ்னா பைலுக்குப் பக்கத்துலயே."

"எனக்கு ஏன் தெரியல?" என்றேன்.

"புள்ளில ஆரம்பிக்கிற எதையும் மேக் உங்க கண்ணுல காட்டாது. ஜிப்ப மேக்ல பிரிச்சா குறிப்பெல்லாம் திரும்ப அந்தந்த பைல்ல போய் ஒட்டிக்கும். விண்டோஸுக்கு புள்ளின்னா ஒரு எழுத்து, அவ்வளவுதான். நீங்க திறந்தது டாக்குமென்ட்டே இல்ல சார், அதோட ஒட்டுச்சீட்டு. அதான் திறக்க மாட்டேங்குது. சைஸ பாருங்க, எல்லாம் ஒரே ஒரு கேபி."

இன்னொன்றும் சொன்னார். .DS_Store என்று ஒன்று வரும், அந்தக் கோப்புறைக்குள் எதை எங்கே வைத்துப் பார்த்தோம் என்று மேக் தனக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு. பென்டிரைவின் மேல்தட்டில் வேறு சிலவும் இருக்கும், தேடுவதற்கு ஒன்று, மாற்றங்களைக் கவனிக்க ஒன்று. அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் பாதியிலேயே கேட்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது: ஒன்றும் ஆகாது, எல்லாம் மேக் குப்பை.

அன்றிலிருந்து நான் அந்த விஷயத்தில் பெரிய மேதாவி. யாராவது என் பென்டிரைவைத் திறந்து புருவத்தைத் தூக்கினால் போதும், "அதெல்லாம் மேக் குப்பைதான், கண்டுக்காதீங்க" என்பேன். அந்தத் தொழில்நுட்பர் சொன்னதைக் கடைசி வரை கேட்டிருந்தால், இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்தப் பருவத்தில் மரபியல் வினாத்தாளை அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் கல்லூரியில் வினாத்தாளை மின்னஞ்சலில் அனுப்பக் கூடாது. ஒரு கோப்பில் இரண்டு வினாத்தாள் எழுதிப் பென்டிரைவில் போட்டு, தேர்வு அதிகாரியின் அறைக்கு நாமே எடுத்துப் போக வேண்டும். அங்கே இணையத் தொடர்பே இல்லாத ஒரு கணினி இருக்கிறது. நம் கண் முன்னால் அதில் ஏற்றிக்கொள்வார்கள். ஒரு தாள் தேர்வுக்கு, மற்றது ஆபத்துக்கு. எதைத் தேர்ந்தார்கள் என்று நமக்கே தெரியாது.

தேர்வு அதிகாரி ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்தவர். கோயில் மாட வீதிக்காரர், பல தலைமுறையாக அங்கேயே. சட்டைப் பையில் அறைச் சாவியை நூலில் கோத்து வைத்திருப்பார். என் பென்டிரைவைத் திறந்ததும் அவரும் நின்றார்.

"இது என்ன, புள்ளி வெச்சுண்டு ஒண்ணு நிக்கறது?"

"மேக் குப்பை சார். ஒண்ணும் பண்ணாது."

"அப்படியா. ஆத்துக்குப் போன உடனே பென்டிரைவ்லயும் அழிச்சுடுங்கோ, லேப்டாப்லயும் அழிச்சுடுங்கோ. குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிடுங்கோ. மறந்துடாதேங்கோ."

மறக்கவில்லை. எனக்கு வேண்டாததில்தான் அலட்சியம், சொன்ன வேலையில் இல்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மேசைக்குப் போனேன். பென்டிரைவைச் சொருகி, வினாத்தாள் கோப்பை இழுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். பென்டிரைவைக் கழற்றிப் பையில் போட்டேன். பிறகு மடிக்கணினியில் இருந்த கோப்பையும் குப்பையில் தள்ளி, தொட்டியைக் காலி செய்தேன். காகிதம் கசங்கும் சத்தம் வந்தது. திறந்து பார்த்தேன், தொட்டி சுத்தமாக இருந்தது. காபி போட்டுக் குடித்தேன்.

நான் செய்த எல்லாமே சரி, செய்த வரிசைதான் தப்பு. அது எனக்கு ஒன்றரை மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

தேர்வு நெருங்கியபோது அரியர் வைத்திருந்த பிள்ளைகள் குறிப்புகள் கேட்டார்கள். ஐந்து அலகுகளுக்கும் படம் போட்டு எழுதி வைத்திருந்தேன். அதே பென்டிரைவை எடுத்துச் சொருகி ஐந்து கோப்புகளையும் ஏற்றினேன். அப்போது திரையின் கீழே குப்பைத்தொட்டி நிறைந்திருப்பதாகக் காட்டியது. பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். குப்பைத்தொட்டியில் குப்பை இருப்பதில் என்ன அதிசயம் என்று விட்டுவிட்டேன்.

கல்லூரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் குறிப்புகளை அங்கே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் வந்து பிரிண்ட் எடுத்துக்கொள்வார்கள், பென்டிரைவிலும் வாங்கிப் போவார்கள். அந்தக் கடைக்காரரின் கணினியில் மறைந்திருக்கும் கோப்புகள் எல்லாம் எப்போதும் தெரியும்படியே வைத்திருப்பார். ஊரில் பென்டிரைவுக்குப் பென்டிரைவு ஒரு வைரஸ் தொற்றி, ஆட்களின் கோப்புகளை மறைத்துவிட்டுப் போலிக் குறுக்குவழிகளைக் காட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்து வந்த பழக்கம். இன்னொரு பழக்கமும் உண்டு. யார் பென்டிரைவைக் கொடுத்தாலும் உள்ளே இருப்பதை எல்லாம் ஒரே பிடியாகப் பிடித்து, தன் கணினியில் ஒரு கோப்புறையில் போட்டுவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்.

"மேடம், இன்னா மேடம் இது, ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா கீது? புள்ளி புள்ளியா வேற ஏதேதோ கீது" என்றார்.

"அதெல்லாம் மேக் குப்பைதான். புள்ளி இல்லாத அஞ்சு பைல்தான் நோட்ஸ்."

"சரி மேடம். எதுக்கும் எல்லாத்தயும் எடுத்துக்கறேன். ஒண்ண வுட்டா அப்பால அத காணோம் இத காணோம்னு வந்து நிப்பாங்க."

"எடுத்துக்குங்க, ஒண்ணும் பண்ணாது" என்றேன். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். தேர்வுக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. ஆசிரியர் அறையில் நான் தயிர்சாதத்தை முடித்துவிட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்தேன். வாசலில் ஒரு மாணவி நின்றாள். மூன்றாம் ஆண்டு. மரபியலில் ஏற்கெனவே ஒரு முறை தவறியவள். மயிலாப்பூரில் கால்வாய் ஓரத்தில் இருந்த குடும்பம், அரசு வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிட்டது. தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். முதல் பாடவேளைக்குத் தாமதமாக வந்ததற்காக நானே அவளை நாலைந்து முறை வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

"மேம், நோட்ஸ்ல ஒரு டவுட்டு" என்று போனை நீட்டினாள். ஜெராக்ஸ் கடைத் திரையைப் படம் பிடித்திருந்தாள். "இந்தப் புள்ளி வச்ச பைல் எதுவும் தொறக்க மாட்டேங்குது."

"அதெல்லாம் மேக் குப்பைமா. அத விட்டுட்டு—"

"சரி மேம். அப்பறம் இங்க .Trashesனு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள 501னு ஒரு போல்டர் கீது. அதையும் பிரிண்ட் எடுக்கணுமா மேம்?"

குப்பை என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். அந்தச் சொல் ஆங்கிலத்தில் திரையில் எழுதியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். பார்த்ததும் என் கையிலிருந்த டப்பாவின் மூடி கீழே விழுந்து உருண்டது. அவள்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

"உள்ள போய்ப் பாத்தியா?"

"இல்ல மேம்" என்றாள், மூடியைப் பார்த்துக்கொண்டே.

"அது வேண்டாம். அஞ்சு அலகையும் மட்டும் படி. போ."

அவள் போனதும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு கணினி ஆய்வகத்துக்குப் போனேன். தொழில்நுட்பர் இருந்தார். மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, பென்டிரைவைச் சொருகினேன். .Trashes மங்கலாக நின்றது. அதற்குள் 501. அதற்குள் என் வினாத்தாள், 'மரபியல் இரண்டு தாள் இறுதி' என்று நானே வைத்த பெயரோடு. பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடும் வைத்த அதன் ஒட்டுச்சீட்டு.

அவர் கோப்பின் பெயரைப் படித்தார், படித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பென்டிரைவ்ல இருக்கறத மேக்ல அழிச்சா அது உங்க மேக்குக்குப் போகாது மேடம். பென்டிரைவுக்குள்ளயே ஒரு குப்பைத்தொட்டி வச்சு, அதுல உங்க பயனர் எண்ணுக்கு ஒரு போல்டர் போட்டு, அங்க நகர்த்தி வச்சிருக்கும். முதல் ஆளுக்கு 501. பென்டிரைவ் சொருகியிருக்கறப்பவே காலி பண்ணாத்தான் போகும். கழட்டிட்டு காலி பண்ணா லேப்டாப்ல இருக்கறது மட்டும்தான் போகும். மேக்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. மறைஞ்சதக் காட்டற மாதிரி வச்சிருக்கற மத்த கம்ப்யூட்டர்ல எல்லாம் தெரியும்."

பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

சந்துக்கு ஓடினேன். இந்த வயதில், புடவையோடு, காவலாளி பார்க்கப் பார்க்க ஓடினேன். கடையில் இரண்டு பேர் ஆதார் நகலுக்கு நின்றார்கள். நான் யாரையும் கேட்காமல் மேசைக்குப் பின்னால் போய்விட்டேன்.

"இன்னா மேடம், இன்னா ஆச்சு?"

"என் நோட்ஸ் போல்டர திறங்க. இப்பவே."

திறந்தார். நான் பயந்த இடத்திலேயே 501 இருந்தது. கடைக்காரர் சொன்னபடியே எல்லாவற்றையும் எடுத்துவைத்திருந்தார்.

"இந்த மூணு நாள்ல எத்தன பேர் வாங்கிட்டுப் போனாங்க?"

"பிரிண்ட்டு ஒரு பதினஞ்சு பேர் இருப்பாங்க மேடம். அஞ்சு நோட்ஸு மட்டும்தான் எடுத்தாங்க. பென்டிரைவ்ல ஒரு நாலு பேர், அஞ்சு பேர். அவுங்க போல்டரோட அப்டியே தூக்கிக்கினு போனாங்க."

"இந்த 501 போல்டர யாராவது திறந்தாங்களா?"

"நான் இன்னா கண்டேன் மேடம். கூட்டத்துல அவுங்களே மவுஸப் புடிச்சுக்கறாங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வைரஸா மேடம்?" என்றார்.

"ஆமா" என்றேன். அந்தக் கோப்புறை முழுவதையும் அடியோடு அழித்தேன். அந்த மனிதர் என் மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார் என்பது அவர் பயந்து கணினியை விட்டுத் தள்ளி நின்றதில் தெரிந்தது. பொய் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

கடை வாசலில் நின்றேன். நாலு பேர், அஞ்சு பேர். அவர்களுடைய பென்டிரைவுகள் எந்தப் பையில், எந்த வீட்டில் இருக்கின்றனவோ. ஒருவேளை யாருமே திறக்காமல் இருக்கலாம். ஒருவேளை இந்நேரம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கலாம். பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்னைக் கடந்து போனார்கள். "குட் ஆஃப்டர்நூன் மேம்" என்றார்கள். அவர்கள் சிரித்தது மரியாதைக்கா, வேறு எதற்காவதா என்று எனக்குப் புரியவில்லை. அன்று யார் சிரித்தாலும் எனக்குப் பயமாக இருந்தது.

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியதை மறைக்க மாட்டேன். பென்டிரைவை அடையாறு பாலத்தின் மேலிருந்து ஆற்றில் வீசிவிடலாம் என்றுகூட நினைத்தேன். வினாத்தாள் ஏற்கெனவே அச்சாகி உறையில் இருக்கும். நாளை மறுநாள் தேர்வு நடந்து முடிந்துவிடும். நாலு பேர் நன்றாக எழுதினால் யாருக்குத் தெரியப் போகிறது. தெரிந்தால்? கோப்பின் முதல் வரியிலேயே, வழக்கப்படி, தாள் அமைத்தவர் என்று என் பெயரும் துறையும் இருந்தன. வினாத்தாளைக் கசியவிட்ட ஆசிரியை என்று நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி. அப்பா தினமும் பேப்பரை விளம்பரம் வரைக்கும் விடாமல் படிப்பவர். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பெட்டியைப் படிப்பது எனக்கு அப்படியே தெரிந்தது. பதினெட்டு வருட வேலை. விசாரணைக் குழு, போலீஸ்.

ஏன் போய்ச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால், நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. இரண்டு இரவும் ஒரு பகலும் இந்தப் பயத்தோடு இருக்க என்னால் முடியாது என்று தெரிந்ததால் போனேன்.

தேர்வு அதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னொரு தாள்?" என்றார் கடைசியில்.

"ரெண்டும் ஒரே பைல்தான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். சாவிக் கொத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எதையும் திறக்காமல், திரும்பப் பையிலேயே போட்டார்.

"யார் சொன்னா உங்களுக்கு?"

அவள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவளை இந்த நாற்காலிக்கு முன்னால் நிறுத்துவார்கள், பார்த்தாயா என்று கேட்பார்கள், அவளுடைய பையைச் சோதிப்பார்கள். "நானே கண்டுபிடிச்சேன் சார்" என்றேன். அன்றைக்குச் சொன்ன இரண்டாவது பொய்.

"அன்னிக்கு என்கிட்டயே குப்பைன்னேளே" என்றார். கோபமாகக்கூட இல்லை. "உக்காருங்கோ. தண்ணி குடியுங்கோ. நாளைக்குக் காலம்பற வேற ஒருத்தரை வெச்சுப் புதுசா ஒரு தாள் போட்டுடறேன். அச்சடிச்சது எல்லாம் கிழிபடும். நீங்க இனிமே தாள் பக்கம் வரப்படாது. மெமோ வரும். வேலைக்கு என்ன ஆகும்னு நான் இப்போ சொல்ல முடியாது."

உட்கார்ந்தேன். அவர் நகர்த்திய தண்ணீரைக் குடித்தேன்.

தேர்வன்று எனக்கு மேற்பார்வை வேலை எதுவும் கொடுக்கவில்லை. ஆனாலும் தேர்வுக்கூடத்தின் வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றேன். வினாத்தாளைக் கொடுத்ததும் யார் முகம் மாறுகிறது என்று பார்த்தேன். எல்லா முகமும்தான் மாறியது. மரபியல் அப்படிப்பட்ட பாடம். ஒரு பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். பெரும்பாக்கத்துப் பெண் மட்டும் வினாத்தாளைப் பார்த்துவிட்டு நேராக ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள். நான் அங்கிருந்து போய்விட்டேன்.

மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். விசாரணையில் மூன்று பேர் மூன்று முறை என்னை ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: வேண்டுமென்றே செய்தீர்களா? தொழில்நுட்பர் வந்து 501 எப்படி வருகிறது என்று என் மேக்கையும் ஒரு பென்டிரைவையும் வைத்து அவர்கள் முன்னால் செய்து காட்டினார். அதற்குப் பிறகுதான் அவர்கள் முகம் கொஞ்சம் இளகியது. வேலை தப்பியது. ஊதிய உயர்வைத் தள்ளிவைத்தார்கள். இதற்கெல்லாம் மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதமும் போன் அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதற்கிடையில் முடிவுகள் வந்தன. அந்த மாணவி மறுபடியும் தவறியிருந்தாள். மூன்று மதிப்பெண் குறைவு.

துணைத்தேர்வு விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்க அவள் வந்தபோது ஆசிரியர் அறையில் நான் மட்டும் இருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவள் போகவில்லை. பையின் அடியில் கைவிட்டு, கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஒரு பென்டிரைவை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"மேம், இதுல அது இன்னும் கீதான்னு பாத்து சொல்லுங்க மேம்."

"எது?" என்றேன். எது என்று எனக்குத் தெரியும்.

"அந்த 501. கடைல போல்டரோட குடுத்தாங்க. அங்கயே தொறந்து பாத்தேன் மேம். மொதல்ல உங்க பேரு இருந்துச்சு. அப்பறம் எல்லா கேள்வியும் பாத்துட்டேன்."

நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

"பாத்தேன்னு சொன்னா நான்தான் திருடுனேன்னு சொல்லுவாங்க. சொல்லாம இருந்தா உங்களுக்கு எதுனா ஆயிடும். அதான் பிரிண்ட் எடுக்கணுமான்னு கேட்டேன். கேட்டா நீங்களே போய்ப் பாப்பீங்கன்னு."

"கேட்டா தாள மாத்திடுவோம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேம்."

பென்டிரைவைக் கையில் எடுத்தேன். "நீ இத அழிக்கலயா?" என்றேன்.

"அன்னிக்கே லைப்ரரி கம்ப்யூட்டர்ல அந்த போல்டரயே அழிச்சுட்டேன் மேம். ஆனா நீங்களும் அழிச்சுட்டுதான குடுத்தீங்க."

அந்தப் பென்டிரைவை என் மேக்கில் சொருகவில்லை. சொருகினால் அது தன் பங்குக்கு ஏதாவது எழுதிவைக்கும். துறையின் விண்டோஸ் கணினிக்கு அவளைக் கூட்டிப்போய், மறைந்தவை எல்லாம் தெரியும்படி வைத்துத் திறந்தேன். இரண்டு கல்யாணப் படங்கள், ஒரு விண்ணப்பம், ஐந்து அலகுக்கும் அவளே எழுதிய குறிப்புகள். விண்டோஸில் பென்டிரைவிலிருந்து அழித்தால் குப்பைத்தொட்டிக்குப் போகாது, நேரே போய்விடும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. இன்னொரு முறை மேலிருந்து கீழ் வரை காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"இல்லம்மா. ஒண்ணும் இல்ல" என்றேன்.

நாற்காலியில், நான் சொல்லாமலேயே, உட்கார்ந்துவிட்டாள். எங்கள் துறையில் மாணவர்கள் அப்படி உட்கார்வதில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்காவது சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க ஒரு அறை இருந்தது. அவள் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், மூன்று மாதம் பெரும்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்திருக்கிறாள்.